பழைய ஆண்டின் கணக்கைத் திறக்கும் முன்: காரணத்தையும் ஆவணத்தையும் கேட்கும் உரிமை

மதிப்பீடு முடிந்து, வரி கட்டி, ஆண்டுகள் கடந்துவிட்ட ஒரு கணக்கை வருமான வரித்துறை மீண்டும் திறக்கலாம். 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைத் தந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 147, 148-ஆவது பிரிவுகளாகத் தொடர்ந்தது. அதிகாரம் உண்டா என்பதில் பெரிய வழக்கு எதுவும் இல்லை. எதன் பேரில் திறக்கிறார்கள் என்பதை வரி செலுத்துபவர் எப்போது, எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ளலாம் என்பதில்தான் அறுபது ஆண்டு விவாதம் நடந்திருக்கிறது. அதிகாரி கோப்பில் எழுதிவைத்த காரணங்களின் நகல் கிடைக்குமா? காரணத்துக்கு அடிப்படையான அறிக்கையும் வங்கித் தகவலும் கிடைக்குமா? மேலதிகாரி ஒப்புதல் தந்த தாள்? கேட்டும் தராவிட்டால் மறுமதிப்பீடு என்ன ஆகும்? ஒவ்வொரு கேள்விக்கும் நீதிமன்றங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றின் போக்கையும் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எழுதினால் போதும், காட்ட வேண்டாம்

முதல் நிலைப்பாடு 1966-இல் எஸ். நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. காரணங்களைப் பதிவுசெய்து ஆணையரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது. அவற்றை வரி செலுத்துபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. நோட்டீஸுக்கு முந்தைய கட்டம் நிர்வாகக் கட்டம், நீதி விசாரணையின் தன்மை அதற்கு இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

சட்டத்தின் சொற்களை மட்டும் பார்த்தால் இந்த வாசிப்பில் குறை சொல்வது கடினம். ஆனால் அதே நீதிமன்றம் 1960-இலேயே கல்கத்தா டிஸ்கவுண்ட் வழக்கில், நம்புவதற்குக் காரணம் இல்லாமல் அனுப்பப்பட்ட நோட்டீஸை ரிட் மனு மூலம் எதிர்க்கலாம் என்று சொல்லியிருந்தது. காரணத்தைப் பார்க்காமல், காரணம் இல்லை என்று ஒருவர் எப்படி வாதிடுவார்? நாராயணப்பா தீர்ப்பின் கீழ் அதற்கு இருந்த வழி ஒன்றுதான்: வழக்குத் தொடுத்து, நீதிமன்றமே கோப்பை வரவழைக்கும்படி செய்ய வேண்டும்.

அப்படி வரவழைத்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதை 1971-இன் சுகமல் ராஜ்பால் வழக்கு காட்டியது. கடன் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பெயர் மட்டுமே கொடுப்பவர்கள் என்று வேறோர் ஆணையர் அலுவலகத்திலிருந்து கடிதங்கள் வந்திருந்தன. அதிகாரி அவற்றைச் சுட்டிக்காட்டி, இந்தக் கடன்களைப் பற்றி முறையான விசாரணை தேவை என்று எழுதியிருந்தார். வருமானம் தப்பியது என்று தாம் நம்புவதாக அவர் எழுதவில்லை. இது நோட்டீஸுக்கு உகந்த வழக்குதானா என்று படிவத்தில் கேட்கப்பட்ட இடத்தில் ஆணையர் 'ஆம்' என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். நோட்டீஸ் ரத்தானது. கோப்பு நீதிமன்றத்துக்கு வந்திராவிட்டால் இந்த ஒற்றைச் சொல் வெளியே தெரிந்திருக்காது. உயர் நீதிமன்றம் வரை போகும் பணமும் பொறுமையும் இருந்தவருக்கு மட்டுமே எட்டிய பாதுகாப்பாக அது இருந்தது.

2002-இன் விடை: கேளுங்கள், தரப்படும்

2002 நவம்பரில் ஜிகேஎன் டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் நிலைப்பாட்டை வகுத்தது. நோட்டீஸ் வந்ததும் வரி செலுத்துபவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். விரும்பினால் காரணங்களைக் கேட்கலாம். அதிகாரி அவற்றை நியாயமான காலத்துக்குள் தந்தே ஆக வேண்டும். அதன் மேல் ஆட்சேபம் வந்தால் காரணங்களோடு கூடிய தனி ஆணையால் அதை முடித்துவைத்த பிறகே மதிப்பீட்டுக்குள் இறங்க வேண்டும். மிகச் சுருக்கமான இந்தத் தீர்ப்பில் நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடிதான் ஆனது. போகிற போக்கில் தரப்பட்ட விளக்கமே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் மறுமதிப்பீட்டு நடைமுறையின் சட்டகமாக இருந்தது.

சுருக்கம் அதன் வலிமை, பலவீனமும் அதுவே. நியாயமான காலம் எத்தனை நாள் என்று தீர்ப்பு சொல்லவில்லை. காரணங்களோடு ஆவணங்களும் உண்டா என்பதைத் தொடவில்லை. மீறினால் விளைவு என்ன என்பதிலும் அது மௌனமே காத்தது. பின்னால் எழுந்த சர்ச்சைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று இடைவெளிகளிலிருந்து வந்தவை.

முதல் இடைவெளியில் நடைமுறைச் சிக்கல் கடுமையாக இருந்தது. மறுமதிப்பீட்டை முடிக்க அதிகாரிக்குக் காலக்கெடு உண்டு. காரணங்களைக் கேட்டு எழுதிய கடிதம் மாதக்கணக்கில் கிடக்கும். கெடு முடியும் மார்ச் மாதத்தில் காரணம் வரும். ஆட்சேபத்துக்குச் சில நாள். அதே மாதக் கடைசியில் மதிப்பீட்டு ஆணை. இந்த அவசரத்தைத் தடுக்கவே ஏஷியன் பெயின்ட்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2008-இல், ஆட்சேபத்தை நிராகரித்தால் அடுத்த நான்கு வாரத்துக்கு அதிகாரி மேலே நகரக் கூடாது என்றது. நீதிமன்றத்தை நாட அந்த இடைவெளி வேண்டும் என்பது அதன் நோக்கம்.

தரப்பட்ட காரணமும் கோப்பில் இருந்த காரணமும்

காரணங்கள் தரப்பட்டன என்பதாலேயே கோப்பில் எழுதப்பட்டவைதான் தரப்பட்டன என்று ஆகிவிடாது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த ஹரியானா அக்ரிலிக் வழக்கு. 1998-99 மதிப்பீட்டு ஆண்டை 2004 மார்ச்சில், அதாவது நான்கு ஆண்டு கழிந்த பிறகு, திறந்தார்கள். அன்றைய சட்டப்படி நான்கு ஆண்டுக்குப் பிறகு திறப்பதென்றால், வரி செலுத்துபவர் தேவையான உண்மைகளை முழுமையாக வெளியிடவில்லை என்ற குற்றச்சாட்டு இருந்தாக வேண்டும். நிறுவனத்துக்கு அனுப்பிய காரணத் தாளில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. 2007-இல் துறை நீதிமன்றத்தில் எதிர்வாக்குமூலம் தாக்கல் செய்தபோது, ஒப்புதலுக்குப் போன படிவத்தின் நகலும் உடன் வந்தது. அதில் குற்றச்சாட்டு இருந்தது.

அந்த ஆண்டைத் திறப்பதற்கான ஆறு ஆண்டு வரம்பு அதற்குள் முடிந்துபோயிருந்தது. நோட்டீஸை மட்டும் வரம்புக்குள் அனுப்பிவிட்டு, உண்மையான காரணத்தை வரம்பு முடிந்த பின் தெரிவிப்பதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் நோட்டீஸை ரத்துசெய்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் ஹிந்துஸ்தான் லீவர் வழக்கில் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னொரு வாசலை அடைத்திருந்தது: பதிவான காரணம் எப்படி இருக்கிறதோ அப்படியே படிக்கப்படும், பின்னால் வாக்குமூலம் போட்டு அதில் எதையும் சேர்க்க முடியாது.

காரணங்களின் சுருக்கத்தை மறுபடி தட்டச்சு செய்த கடிதம் போதாது, ஒப்புதல் படிவத்தின் நகலே வேண்டும் என்று ஆடிட்டர்கள் வற்புறுத்துவதன் பின்னணி இதுதான். 2017-இல் சப் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை வழிகாட்டுதலாகவே எழுதியது. ஒப்புதல் பெறப் பயன்படுத்திய படிவத்தின் நகல் தரப்பட வேண்டும். காரணத்தில் ஏதேனும் ஆவணமோ புலனாய்வு அறிக்கையோ குறிப்பிடப்பட்டிருந்தால் அதன் நகலும், தேவையான பகுதிகளும் உடன் வர வேண்டும். ஆட்சேபத்தைத் தீர்ப்பது வெறும் சடங்கல்ல. ஜிகேஎன் விட்ட இரண்டாம் இடைவெளியை நிரப்பும் முயற்சியாக இதைப் பார்க்கலாம்.

காரணம் மட்டுமா, அடிப்படை ஆவணமுமா?

ஆவணம் தர வேண்டியதில்லை என்ற தரப்புக்கும் வாதம் உண்டு, அது அற்பமானதல்ல. திறக்கும் கட்டத்தில் வருமானம் தப்பியது நிரூபணமாக வேண்டியதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ ஆதாரம் உண்டா என்பதே கேள்வி, அது போதுமா என்று இப்போது எடைபோட முடியாது என்று 1997-இல் ரேமண்ட் வுலன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியானால் ஆவணங்களைக் காட்டும் இடம் மதிப்பீட்டு விசாரணைதான். முன்கூட்டியே எல்லாவற்றையும் கொடுத்தால் நடக்கும் புலனாய்வு கெடும், மூன்றாம் நபர்களின் நிதி விவரம் வெளியேறும் என்பது அவர்கள் வாதம்.

மதிப்பீட்டு விசாரணையில் காட்டியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1980-இன் கிஷின்சந்த் செல்லாராம் வழக்கு அதற்கு நிலையான சான்று. மதராஸிலிருந்து பம்பாய்க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கி மூலம் தந்தி வழியாக அனுப்பப்பட்ட ரூ. 1,07,350 நிறுவனத்தின் மறைத்த வருமானம் என்று 1947-48 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு வங்கி மேலாளரின் கடிதம் ஆதாரமானது. அந்தக் கடிதம் உரிய நேரத்தில் நிறுவனத்துக்குக் காட்டப்படவில்லை. மேலாளரைக் கேள்வி கேட்கவும் வாய்ப்பு இல்லை. காட்டாத கடிதத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை நீக்கியது.

எனவே ஆவணம் வேண்டும் என்ற தரப்பு கேட்பது நேரத்தைப் பற்றிய கேள்விதான்: எப்படியும் காட்ட வேண்டிய ஒன்றை ஏன் முன்பே காட்டக் கூடாது? புலனாய்வுப் பிரிவின் அறிக்கையிலிருந்து முடிவை மட்டும் நகலெடுத்து அதிகாரி காரணமாக எழுதுவது இந்தத் துறையில் அடிக்கடி காணப்படும் குறை. அதை 2017-இல் மீனாக்ஷி ஓவர்சீஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இரவல் வாங்கிய திருப்தி என்ற பொருளில் கண்டித்தது. அதிகாரி அறிக்கையைப் படித்துத் தாமே முடிவுக்கு வந்தாரா, கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து ஒட்டினாரா என்பதை அறிக்கை கையில் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையின் கணிப்பில், ஆவணத்தை முன்பே தர வேண்டும் என்பதற்கான மிக வலுவான வாதம் இது. புலனாய்வு கெடும் என்ற அச்சத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது, ஏனெனில் வரி செலுத்துபவருக்கு எதிரான பகுதியை மட்டும் தந்து மற்றவர் விவரத்தை மறைத்துத் தர வழியுண்டு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்தின் விசாரணை அறிக்கை பற்றிய தகானோ வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அந்தப் பாதையில்தான் சென்றது. அது வேறு சட்டம் என்பதையும் மறக்கலாகாது.

2021-க்குப் பிறகு: கேட்காமலே வர வேண்டிய தகவல்

2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 148-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 148 நோட்டீஸுக்கு முன்பே, எந்தத் தகவல் வருமானம் தப்பியதாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லி, ஏன் திறக்கக் கூடாது என்று கேட்க வேண்டும். பதில் தர ஏழு முதல் முப்பது நாள். பதிலைப் பரிசீலித்துக் காரணத்தோடு ஓர் ஆணை. அதன் பிறகே நோட்டீஸ். பழைய முறையில் நோட்டீஸ் முதலில் வரும், காரணம் கேட்டால் பின்னால் வரும். இப்போது வரிசை தலைகீழானது.

பழைய முறையிலேயே அனுப்பப்பட்ட ஏறத்தாழ 90,000 நோட்டீஸ்களின் கதி பற்றிய ஆஷிஷ் அகர்வால் வழக்கில், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை 148-ஏ நோட்டீஸாகக் கருதச் சொன்னது. அப்போது, அதிகாரி நம்பியிருக்கும் தகவலையும் ஆவணத்தையும் முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றமும் 2023-இல் அனுராக் குப்தா வழக்கில், தகவலை மட்டும் தந்து ஆதார ஆவணத்தைத் தராதது குறை என்றே பார்த்தது.

2024 செப்டம்பர் 1 முதல் பிரிவு மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. வருமானம் தப்பியதாகக் காட்டும் தகவல் நோட்டீஸோடு இணைக்கப்பட வேண்டும் என்பது இப்போது சட்டத்தின் சொல்லிலேயே உண்டு. இது முன்னேற்றம். ஆனால் சட்டம் சொல்வது தகவலை மட்டுமே. அதன் பின்னுள்ள ஆவணத்தைப் பற்றி அது பேசவில்லை. பதிலுக்கான ஏழு, முப்பது நாள் அளவும் போய், நோட்டீஸில் குறிப்பிடும் காலம் என்றாகிவிட்டது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும், முன்கூட்டியே தகவல் தந்து பதில் கேட்கும் இந்த வடிவத்தையே வைத்திருக்கிறது.

ஒரு நோட்டீஸைப் பிரித்துப் பார்த்தால்

இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனை வழக்கில் வைத்துப் பார்க்கலாம். திருப்பூரில் நூல் வியாபாரம் செய்பவர் ஒருவருக்கு 2021-22 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2025 மார்ச் 20 அன்று 148-ஏ நோட்டீஸ் வருகிறது என்று கொள்வோம். சேமிப்புக் கணக்கில் ரூ. 18,40,000 ரொக்கம் செலுத்தப்பட்டிருக்கிறது, ரிட்டர்னில் இது விளக்கப்படவில்லை என்கிறது நோட்டீஸ். தொகை ரூ. 50 லட்சத்துக்குக் கீழ் என்பதால் இந்த நோட்டீஸுக்கு மூன்று ஆண்டு வரம்பு. அது 2025 மார்ச் 31-இல் முடிகிறது. 148 நோட்டீஸுக்கு மேலும் மூன்று மாதம், ஜூன் 30 வரை.

சேமிப்புக் கணக்குகளில் ஓர் ஆண்டில் ரூ. 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் செலுத்தப்பட்டால் வங்கி அதை 61-ஏ படிவத்தில் துறைக்கு அறிவிக்க வேண்டும். தகவலின் ஊற்று பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நோட்டீஸில் வங்கியின் பெயர் இல்லை, கணக்கு எண் இல்லை, தேதிகள் இல்லை என்றால் அவர் எதற்குப் பதில் சொல்வார்? அது தந்தையோடு சேர்ந்து வைத்த கணக்காக இருக்கலாம். பணம் தந்தை நிலம் விற்றதில் வந்திருக்கலாம். வியாபாரக் கணக்கிலிருந்து எடுத்த ரொக்கமே திரும்பிப் போயிருக்கலாம். ஒரே செலுத்தல் இரு முறை பதிவாகியிருக்கவும் கூடும். எது என்று அறிய வேண்டுமானால் வங்கி அனுப்பிய பதிவின் நகல் தேவை.

அவருடைய ஆடிட்டர் போர்ட்டலில் e-Proceedings பகுதி வழியே முதலில் அனுப்ப வேண்டியது ஒரு கோரிக்கைக் கடிதம். வங்கி, கணக்கு எண், தேதிவாரித் தொகை அடங்கிய பதிவு. அதிகாரி ஏதேனும் விசாரணை செய்திருந்தால் அதன் விளைவு. வேறோர் அலுவலகத்தின் அறிக்கையை நம்பியிருந்தால் இவரைப் பற்றிய பகுதி. அந்த ஆண்டின் மூல ரிட்டர்ன், முன்பு ஆய்வு நடந்திருந்தால் அதில் தாக்கலான பதில்கள் ஆகியவற்றின் நகல். இவை வந்த பின் பதில் தர இத்தனை நாள் வேண்டும் என்றும் அதிலேயே கேட்க வேண்டும். ஆனால் நகல் வரட்டும் என்று பதிலை நிறுத்திவைப்பது ஆபத்து. கையிலுள்ள வங்கிப் புத்தகத்தையும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் வைத்து, கெடுவுக்குள் தற்காலிகப் பதில் ஒன்றைத் தாக்கல் செய்து, நகல் கிடைத்ததும் கூடுதல் பதில் தரும் உரிமையை அதில் பதிவுசெய்வதே பாதுகாப்பு. பதிலே இல்லையென்றால் கோப்பில் உள்ளதை மட்டும் வைத்து ஆணை வந்துவிடும். நகல் மறுக்கப்பட்டது என்று பின்னால் சொல்லவும் எழுத்துச் சான்று இருக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு வழி. தன் சொந்தக் கோப்பை ஒருவர் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். விசாரணை நடப்பதாலேயே மறுக்க முடியாது, தகவல் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்று 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் பதிலுக்கு முப்பது நாள், முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் அத்தனை என்ற கணக்கு, மார்ச் 20-க்கும் ஜூன் 30-க்கும் இடைப்பட்ட காலத்தில் நெருக்கமாகவே பொருந்தும். பழைய ஆண்டின் சொந்த ஆவணங்களைத் தேடுவதற்கு அது பயன்படும். நோட்டீஸுக்கான கெடுவை அது நிறுத்தாது.

தராவிட்டால் என்ன?

ஜிகேஎன் விட்ட மூன்றாம் இடைவெளியே இன்றுவரை மிகவும் சர்ச்சைக்குரியது. கேட்டும் காரணம் தராவிட்டால் மறுமதிப்பீடே செல்லாது என்று விதேஷ் சஞ்சார் நிகம் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவெடுத்தது. காரணத்தைத் தெரிவிப்பது அதிகார வரம்பைச் சார்ந்தது என்பது இந்த நிலைப்பாட்டின் வேர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஹோம் ஃபைண்டர்ஸ் தீர்ப்பு 2018-இல் மாறான பாதையில் சென்றது. ஆட்சேபத்தைத் தனி ஆணையால் தீர்க்காதது நடைமுறைப் பிழை, திருத்திக்கொள்ளக்கூடியது. வழக்கைத் திருப்பி அனுப்பி அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னால் போதும். காரணமே தராததும் ஆட்சேபத்தைத் தீர்க்காததும் ஒன்றல்ல என்பதால் இவ்விரு தீர்ப்புகளும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று சொல்ல முடியாது. ஆயினும் அணுகுமுறை வேறு.

திருப்பி அனுப்பும் நிலைப்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு: உண்மையிலேயே வரி ஏய்த்தவர் அதிகாரியின் கவனக்குறைவால் தப்பிவிடக் கூடாது. அதன் பலவீனம் காலத்தில் இருக்கிறது. சட்டத்தை மீறிய அதிகாரிக்கு, வரம்பு முடிந்த ஓர் ஆண்டில் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. நேரத்தோடு நகல் தந்த அதிகாரிக்கும் தராதவருக்கும் முடிவில் வேறுபாடு இல்லையென்றால், மார்ச் அவசரத்தில் எதை விடுவார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. ரத்துசெய்யும் நிலைப்பாட்டின் பலவீனம், சின்னக் குறைக்கும் பெரிய குறைக்கும் ஒரே விளைவைத் தருவது. காரணமே தராததற்கும், பத்து இணைப்புகளில் ஒன்று விட்டுப்போனதற்கும் ஒரே தண்டனை என்றால் நீதிமன்றங்கள் நாளடைவில் அந்த விதியையே தளர்த்திவிடக்கூடும்.

தீராமல் நிற்பவை

காரணம் அல்லது தகவல் தரப்பட வேண்டும் என்பது இன்று சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. நாராயணப்பா காலத்துக்கு யாரும் திரும்பப் போவதில்லை. பதிவான வடிவிலேயே தர வேண்டும், பின்னால் ஒட்டுப்போட முடியாது என்பதும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஆவணத்தைப் பொறுத்தவரை தீர்ப்புகளின் போக்கு தர வேண்டும் என்பதன் பக்கம் சாய்கிறது. ஆனால் 2024-இன் திருத்தம் தகவல் என்ற சொல்லோடு நின்றுவிட்டதால், அது ஆவணத்தையும் உள்ளடக்குமா என்ற வாதம் புதிய சொற்களில் மறுபடி நடக்கும். கணினி அமைப்பு இடர் உள்ளதாகக் கொடியிட்டுக் காட்டும் வழக்குகளில் அடிப்படை ஆவணம் எது, வங்கிப் பதிவா, கொடியிட்ட விதியா என்பதற்குப் பழைய தீர்ப்புகளில் நேரடி விடை இல்லை.

ஒப்புதல் தாளின் நிலையும் தெளிவாகவில்லை. 148-ஏ ஆணைக்கு மேலதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். ஆணை வரி செலுத்துபவருக்கு வருகிறது, ஒப்புதலின் நகல் இணைக்கப்பட வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. சுகமல் ராஜ்பால் வழக்கில் ஒற்றைச் சொல்லாக இருந்த ஒப்புதல் இன்று கணினி வழியே வருகிறது. அதில் எழுதியிருப்பதைக் காண ரிட் மனு போட்டாக வேண்டும் என்ற நிலை நீடிப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை. நகல் தராமையின் விளைவை, தராதது எது, அதனால் பதில் சொல்வது எந்த அளவுக்குத் தடைபட்டது என்று தரம் பிரித்துச் சொல்லும் விரிவான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை, ஒரே குறைக்கு ஒரு மாநிலத்தில் ரத்தும் இன்னொன்றில் மறு வாய்ப்பும் கிடைக்கும் நிலை தொடர வாய்ப்புண்டு.